கடன் தவணைக் கணிப்பானுக்கு எந்தத் தலைப்பு? நான்கு தலைப்புகள், மூன்று விவரக் குறிப்புகள்

கிண்ணியாவில் ஓட்டோ ஓடும் தம்பி ஒருவர் போன மாதம் மச்சானிடம் போனை நீட்டி, "அண்ணா, உங்கட கணக்கு பிழையாக் காட்டுது" என்றார். மச்சான் செய்து வைத்திருக்கும் கடன் தவணைக் கணிப்பானைத்தான் சொன்னார். 10 இலட்சம் ரூபா, 14 சதவீத வட்டி, 5 வருடம் என்று போட்டிருக்கிறார். மாதம் 23,268 ரூபா என்று வந்திருக்கிறது. கடன் தருவதாகச் சொன்ன இடத்தில் அவருக்குச் சொன்ன தொகை 28,333 ரூபா. தொகை ஒன்று, வட்டி ஒன்று, வருடமும் ஒன்று. மாதம் ஐயாயிரத்துக்கு மேல் வித்தியாசம். அதனால் கணிப்பான்தான் பிழை என்று நினைத்து, வேறு பக்கத்துக்குப் போய்விட்டார்.

கணிப்பானில் பிழை இல்லை. அவருக்குச் சொல்லப்பட்டது பிளாட் ரேட். அதாவது, கட்டக் கட்ட முதல் குறைந்தாலும், வட்டியை மட்டும் ஆரம்பத்தில் எடுத்த முழு 10 இலட்சத்துக்குமே போடுவது. வருடத்துக்கு 1,40,000, ஐந்து வருடத்துக்கு 7 இலட்சம். முதலையும் சேர்த்து 17 இலட்சத்தை 60ஆல் வகுத்தால் 28,333 வருகிறது. எங்கள் கணிப்பான் போட்டது குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி. அதில் மொத்த வட்டி 3,96,000 ரூபா அளவில்தான் வரும். தம்பிக்குச் சொன்ன 14 சதவீதத்தைக் குறைந்து செல்லும் மீதிக் கணக்கில் போட்டுப் பார்த்தால், அது உண்மையில் 23 சதவீதத்தைத் தாண்டிய வட்டி.

இதையெல்லாம் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் மச்சான் விளக்கித்தான் இருந்தார். ஆனால் அந்தத் தம்பி அங்கே வரை போகவே இல்லை. தேடல் முடிவில் எங்கள் பக்கத்தின் தலைப்பாகத் தெரிந்தது "கடன் கணிப்பான்" மட்டும். அதன் கீழே வந்த விவரக் குறிப்பில் "முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புகளுக்கு" என்று மெனுவில் இருந்த சொற்கள். அதைப் பார்த்த பிறகுதான் தலைப்பையும் விவரக் குறிப்பையும் புதிதாக எழுத, உவர்மலையில் மச்சான் வீட்டு மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எழுதிப் பார்த்தவற்றில் எதை ஏன் விட்டோம், எதை ஏன் எடுத்தோம் என்பதை இங்கே சொல்கிறேன். இதே மாதிரிக் கணிப்பான் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி வரும்.

தேடுகிறவர் எப்படிக் கேட்கிறார்

எழுதத் தொடங்கும் முன் வீட்டுக்கு வந்து போன சிலரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "நீங்க லோன் எடுக்கப் போறீங்க எண்டு வைங்கோ. போனில என்ன தேடுவீங்க?" பதிலை வாயால் சொல்ல வேண்டாம், எங்கள் போனிலேயே தேடிக் காட்டுங்கள் என்றோம். சொல்வது வேறு, விரல் தட்டுவது வேறு.

ஒருவர் `loan calculator sri lanka` என்று தட்டினார். திருக்கடலூரில் இருந்து வந்திருந்த ஐயா ஒருவர் மைக்கை அமத்தி, "பத்து லட்சம் கடன் எடுத்தா மாசம் எவ்வளவு கட்டவேணும்" என்று போனிடமே கேட்டார். மச்சானின் அக்கா `10 lakhs loan monthly` என்று எழுதி அப்படியே விட்டுவிட்டார். இஎம்ஐ என்ற சொல்லை ஒருவர்கூடத் தொடவில்லை.

இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இஎம்ஐ இந்தியாவில் வீட்டுக்கு வீடு புழங்கும் சொல். சமமான மாதத் தவணை என்பதுதான் அதன் பொருள். இங்கே நாம் "மாதம் எவ்வளவு கட்டுறது", "தவணைக் காசு", "லீசிங் காசு" என்றுதான் சொல்கிறோம். ஆனாலும் அந்தச் சொல்லை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. யூடியூப்பில் தமிழ்நாட்டு விளக்கங்களைப் பார்த்துவிட்டு அதே சொல்லோடு தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் பக்கத்தின் உள்ளே ஒரு வரியில் அது இருக்கட்டும், தலைப்பில் முதலிடம் கொடுக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தோம்.

இன்னொரு சொல்லையும் பேசிப் பேசியே கைவிட்டோம். "கட்டுப்பணம்" என்று ஒரு சொல் இருக்கிறதே, கட்டுகிற பணம்தானே, அதையே போடலாமே என்றார் மச்சான். ஆனால் இலங்கையில் அந்தச் சொல் தேர்தலில் வேட்பாளர் செலுத்தும் பணத்துக்கு நிலைத்துவிட்டது. அதைத் தலைப்பில் போட்டால், தேர்தல் செய்திகளுக்கு நடுவில் எங்கள் கணிப்பான் போய் நிற்கும்.

நான்கு தலைப்புகள்

முதலாவது, மச்சான் ஏற்கெனவே வைத்திருந்த "கடன் கணிப்பான்". சுத்தமாக இருக்கிறது, பிழை இல்லை. ஆனால் எந்தக் கடன், எந்த நாட்டு ரூபா, கணித்து எதைச் சொல்லும் என்று எதுவும் தெரியாது. "எனக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்" என்று தேடுகிறவரும், "எடுத்தால் மாதம் எவ்வளவு" என்று தேடுகிறவரும் ஒரே பக்கத்துக்கு வருவார்கள். அவர்களில் ஒருவர் நிச்சயம் ஏமாந்து திரும்புவார். முன்னவருக்குச் சம்பளத்தைப் போட்டால் கடன் தொகையைச் சொல்லும் கணக்கு வேண்டும். மச்சானிடம் இருப்பது அதுவல்ல.

இரண்டாவது, தெரிந்த எல்லாச் சொல்லையும் அடுக்குவது: "கடன் கணிப்பான் | லோன் கல்குலேட்டர் | இஎம்ஐ கணிப்பான் | லீசிங் கணிப்பான்". யாராவது எதையாவது தேடினால் மாட்டும் என்ற எண்ணம். இது இரண்டு பக்கமும் அடிபடும். ஒரே பொருளை நான்கு தரம் சொல்லும் தலைப்பைக் கூகிள் தன் பாட்டில் மாற்றி, பக்கத்தில் உள்ள பெரிய தலைப்பையோ வேறு சொற்களையோ எடுத்துப் போடக்கூடும். தலைப்புகளைத் தானே திருத்திக் காட்டும் வழக்கத்தைக் கூகிள் 2021 ஓகஸ்ட்டில் பெரிதாக மாற்றியது. சொற்களை அடுக்கிய தலைப்பு, பாதி வெறுமையான தலைப்பு, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மாதிரியான தலைப்பு எல்லாம் அது திருத்தும் வகையில் அடங்கும். மற்றது, படிக்கிற மனிதருக்கு அந்த நான்கு துண்டும் ஒரு வாக்கியமாகச் சேர்வதே இல்லை.

மூன்றாவது தலைப்பை ஒரு நண்பர் சொன்னார்: "குறைந்த வட்டியில் உடனடிக் கடன் – கணக்குப் பாருங்கள்". கட்டாயம் ஆட்கள் தொடுவார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மச்சான் கடன் கொடுப்பவர் அல்ல. கடன் தேவைப்பட்டு அந்தரப்படுகிற ஒருவர் இதைப் படித்தால், பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு வருவார். வந்தால் இருப்பது மூன்று பெட்டிகளும் ஒரு பொத்தானும். "அண்ணா லோன் தருவீங்களா" என்று கேட்டு வரும் அழைப்புக்கு இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்? அதைவிட, அவருடைய நேரத்தை நாம் ஏன் எடுக்க வேண்டும்? கடன் பற்றிய கேள்வியோடு வருகிறவரிடம் முதல் வரியிலேயே உண்மை பேசியாக வேண்டும்.

நான்காவதாக, ஐயா மைக்கில் கேட்ட கேள்வியையே எடுத்தோம்: "கடன் எடுத்தால் மாதம் எவ்வளவு? தவணைக் கணிப்பான் – இலங்கை ரூபா". கேள்வி முதலில், பதில் தரும் பொருள் அடுத்து, யாருக்கானது என்பது கடைசியில். கடைசிச் சொல் சின்னதாகத் தெரிந்தாலும் அது தேவை. தமிழில் தேடினால் இந்திய ரூபாயில் கணக்குப் போடும் பக்கங்களும் வரும். எந்தப் பணத்தைப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் உள்ளே இந்திய வங்கிகளின் பெயரைப் பார்த்ததும், நம் ஆள் இது நமக்கில்லை என்று திரும்பி விடுவார்.

இதைத்தான் எடுத்தோம். ஒரு குறை உண்டு, நீளம். தலைப்புக்கு எழுத்துக் கணக்கில் எல்லை எதையும் கூகிள் வைக்கவில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. ஆங்கிலத்தில் 60 எழுத்து வரை போகலாம் என்று பலரும் சொல்லும் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. "கணிப்பான்" என்பது நமக்கு 5 எழுத்து. க, ணி, ப், பா, ன். ஆனால் கணினிக்கு அது 9 குறியீடு, ஏனென்றால் இகரக் குறி, கால், புள்ளி எல்லாம் தனித்தனி. அதனால் இணையத்தில் கிடைக்கும் எழுத்து எண்ணும் கருவி ஒரு எண் சொல்லும், கண் வேறு சொல்லும். மேலும் ணி, ழை, ஞா போன்ற எழுத்துகள் ஆங்கில எழுத்தைவிட அகலமானவை. ஆகவே எண்ணுவதை விட்டு, போனில் `site:` என்று எழுதி அதோடு உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடி, எந்த இடத்தில் வெட்டுகிறது என்று கண்ணாலேயே பாருங்கள். எங்கள் தலைப்பு கடைசியில் வெட்டுப்பட்டாலும் "கடன் எடுத்தால் மாதம் எவ்வளவு? தவணைக் கணிப்பான்" வரை நின்றால் போதும். அதற்காகத்தான் கேள்வியை முன்னுக்கு வைத்தோம்.

ஆங்கிலத் தலைப்பு வைத்தால் என்ன

இதற்காக ஒரு மணித்தியாலம் வாக்குவாதப்பட்டோம். மூன்று பேரில் இரண்டு பேர் ஆங்கில எழுத்தில்தானே தேடினார்கள், அப்படியென்றால் தலைப்பை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துவிட்டு உள்ளே தமிழில் விடலாமே என்பது மச்சானின் நியாயம். நியாயம்தான். ஆனால் 2022 ஜூனில் கூகிள் கொண்டுவந்த மாற்றம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. பக்கத்தின் உள்ளடக்கம் ஒரு மொழியிலும் தலைப்பு வேறு மொழியிலோ வேறு எழுத்திலோ இருந்தால், உள்ளடக்கத்தின் மொழிக்குப் பொருந்தும் தலைப்பை அது தானே தேடி எடுக்கும். தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலத் தலைப்பு வைத்தால், நாங்கள் யோசித்து எழுதியது போய், கூகிள் தெரிந்தெடுத்தது நிற்கலாம்.

ஆங்கிலத்தில் தேடுகிறவருக்கு ஆங்கிலத்திலேயே தனிப் பக்கம் செய்து, எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்று கூகிளுக்குச் சொல்லும் `hreflang` குறிப்பு மூலம் இரண்டையும் `ta-LK`, `en-LK` என்று இணைப்பதுதான் நேரான வழி. மச்சான் அதைப் பிறகு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். வேலை இரட்டிப்புத்தான். ஆனால் கணக்குப் போடும் பகுதி ஒன்றே, சொற்கள்தான் மாறும்.

விவரக் குறிப்பில்தான் வேலை அதிகம்

தலைப்பின் கீழே வரும் இரண்டு மூன்று வரிதான் விவரக் குறிப்பு. இதில் எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கம் தேடலில் மேலே ஏறாது, கூகிள் அதை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை. படிக்கிறவர் தொடுவாரா மாட்டாரா என்பதில்தான் அது வேலை செய்கிறது. இன்னொன்று, நாம் எழுதியதையே காட்டும் என்ற உறுதியும் இல்லை. பெரும்பாலும் பக்கத்தில் உள்ள எழுத்தில் இருந்தே எடுக்கிறது. நாம் எழுதியது தேடலுக்கு நன்றாகப் பொருந்தினால் அதை எடுக்கும்.

எங்கள் பக்கத்தில் மெனுச் சொற்கள் வந்ததற்குக் காரணம் இதுதான். விவரக் குறிப்பு எழுதப்படவே இல்லை. கணிப்பானுக்குப் பக்கத்தில் மூன்று பெட்டிகளைத் தவிர ஒரு முழு வாக்கியமும் இல்லை, விளக்கம் எல்லாம் மிகக் கீழே. எடுக்க வேறு ஒன்றும் இல்லாதபோது மெனுவை எடுத்தது. கணிப்பான் பக்கங்களில் அடிக்கடி நடக்கும் குறை இது. அதனால் எழுதுகிற விவரக் குறிப்பின் சாரத்தை, பக்கத்தின் பெரிய தலைப்புக்கு நேர் கீழே, ஆட்கள் படிக்கும் வாக்கியமாகவும் வைக்க வேண்டும். எங்கிருந்து எடுத்தாலும் சரியானதே வரும்.

இனி நாங்கள் எழுதிப் பார்த்த மூன்றும். முதலாவது: "எங்கள் இணையதளத்துக்கு உங்களை வரவேற்கிறோம். சிறந்த, துல்லியமான, இலவசக் கடன் கணிப்பானைப் பயன்படுத்தி உங்கள் நிதித் தேவைகளைத் திட்டமிடுங்கள்." இதில் "கடன் கணிப்பான்" என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டால் எந்தப் பக்கத்துக்கும் ஒட்டலாம். வரவேற்பிலேயே பாதி இடம் போகிறது. அதைவிட முக்கியமான குறை வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். நீண்ட வாக்கியத்தை நடுவில் வெட்டினால் போவது வினைதான். "உங்கள் நிதித் தேவைகளை..." என்று நின்றால் என்ன செய்யச் சொல்கிறது என்றே தெரியாது. ஆங்கிலத்தில் வினை முன்னுக்கே வந்துவிடுவதால் வெட்டினாலும் பொருள் நிற்கும். தமிழுக்கு ஒரே வழி, சின்ன வாக்கியங்கள். எங்கே வெட்டினாலும் அதற்கு முன் உள்ளவை முழுதாக இருக்கும்.

இரண்டாவது: "கடன் தொகை, வட்டி வீதம், மாதங்கள். மூன்றையும் இடுங்கள். மாதத் தவணையும் மொத்த வட்டியும் தெரியும்." இது நல்லது. என்ன போட வேண்டும், என்ன வரும் என்று சொல்லிவிடுகிறது. அவசரத்தில் இருப்பவர் இதையே போட்டாலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டோத் தம்பிக்கு நடந்ததற்கு இதில் பதில் இல்லை. இதைப் படித்து உள்ளே வந்தாலும், 23,268 என்று பார்த்துவிட்டுப் பிழை என்றே போவார்.

மூன்றாவதை அவரை நினைத்துக்கொண்டே எழுதினோம். கடைசியில் பக்கத்தில் ஏறியதும் இதுதான்:

```html
<title>கடன் எடுத்தால் மாதம் எவ்வளவு? தவணைக் கணிப்பான் – இலங்கை ரூபா</title>
<meta name="description" content="உதாரணம்: 10 இலட்சம், 14%, 5 வருடம். மாதம் 23,268 ரூபா. அதே 14% பிளாட் ரேட் என்றால் 28,333 ரூபா. உங்கள் தொகையை இட்டு இரண்டையும் பாருங்கள். போன் எண் கேட்கமாட்டோம்.">
```

எண்ணைப் போட்டால் பதில் அங்கேயே கிடைத்துவிடும், யாரும் உள்ளே வர மாட்டார்கள் என்று ஒரு பயம் இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவருடைய தொகையும் வருடமும் இன்னொருவருக்குச் சரியாகப் பொருந்துவது அபூர்வம். அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது, "எனக்குச் சொன்ன வட்டி இதில் எது?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்குப் பதில் உள்ளே இருக்கிறது. "உதாரணம்" என்ற சொல்லை மட்டும் எடுக்கவே கூடாது. எடுத்தால் 14 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கும் என்று பொருளாகிவிடும்.

இதை எழுதியதால் மச்சானுக்கு ஒரு வேலை கூடியது. கணிப்பானில் அதுவரை குறைந்து செல்லும் மீதிக் கணக்கு மட்டுமே இருந்தது, இரண்டையும் காட்டுவதாகச் சொன்னால் இரண்டும் இருந்தாக வேண்டும். இரண்டு சூத்திரமும் சின்னதுதான்:

```
E = P × r × (1+r)^n ÷ ((1+r)^n − 1)
F = (P + P × R × Y) ÷ n
```

P கடன் தொகை, r மாத வட்டி, n மாதங்கள், R வருட வட்டி, Y வருடங்கள். 14 சதவீதம் என்றால் r என்பது 0.14ஐ 12ஆல் வகுத்தது. E குறைந்து செல்லும் மீதிக்கான தவணை, F பிளாட் ரேட் தவணை.

"போன் எண் கேட்கமாட்டோம்" என்பதைக் கடைசியில் வைத்ததற்கும் காரணம் உண்டு. கணக்குப் பார்க்கப் போய், எண்ணைக் கொடுத்து, பிறகு நாள் முழுக்க அழைப்பு வந்து அலுத்துப் போனவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதைச் சொல்வதானால் உண்மையாகவே கேட்கக் கூடாது. நாளைக்கு ஒரு படிவம் சேர்த்தால், அன்றைக்கே இந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் இந்த வரிகளுக்குள் அடைக்க முடியவில்லை. மாறும் வட்டியில் எடுக்கும் கடனுக்குக் கணிப்பான் இன்றைய வீதத்தை வைத்துத்தான் சொல்லும், நாளை வட்டி மாறினால் தவணையும் மாறும். ஆவணக் கட்டணம், காப்புறுதி எல்லாம் கணக்கில் இல்லை. இவற்றை விடை வரும் இடத்துக்கு நேர் கீழே எழுதினோம், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் அதைப் படிப்பார்கள்.

மாற்றியது வேலை செய்கிறதா என்று பார்ப்பது

கூகிளின் `Search Console` கணக்கில், எந்தத் தேடலுக்கு எங்கள் பக்கம் எத்தனை முறை தெரிந்தது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று பார்க்கலாம். மாற்றத்துக்கு முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும் ஒப்பிடுங்கள். ஆனால் மொத்தத் தொடுகையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எட்டாவது இடத்தில் இருந்த பக்கம் மூன்றாவதுக்கு வந்தால், தலைப்பு எதுவாக இருந்தாலும் தொடுகை கூடும். அதே தேடல் சொல், ஏறக்குறைய அதே இடம் என்று வைத்து, நூறு முறை தெரிந்தால் எத்தனை பேர் தொட்டார்கள் என்று பார்த்தால்தான் தலைப்பின் வேலை தெரியும். 20 முறை மட்டுமே தெரிந்த தேடலை வைத்து எதையும் சொல்ல முடியாது. எங்களைப் போன்ற சின்னப் பக்கத்துக்கு இரண்டு மாதம் பொறுக்க வேண்டி வரலாம். அதுவரை தலைப்பையும் விவரத்தையும் தொடாமல் விட வேண்டும்.

மச்சான் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்: வந்தவர்களில் எத்தனை பேர் "கணக்கிடு" பொத்தானை அமத்துகிறார்கள் என்பது. உடனடிக் கடன் என்ற தலைப்பை வைத்திருந்தால் தொடுகை ஏறியிருக்கும், இந்த எண்ணிக்கை விழுந்திருக்கும்.

லீசிங்கை இதற்குள் கொண்டுவராமல் விட்டோம். அதில் முற்பணம் இருக்கிறது, வண்டியின் விலையில் இருந்து கணக்குத் தொடங்குகிறது, கேட்கும் கேள்வியே வேறு. அதற்குத் தனிப் பக்கம், தனித் தலைப்பு. அந்த ஓட்டோத் தம்பியிடம்தான் கேட்டோம், லீசிங் என்றால் போனில் என்ன தேடுவீர்கள் என்று. போனை வாங்கி, `three wheel leasing monthly` என்று தட்டிக் கொடுத்தார்.